பெயர் வெளியே வராது

"என் பேரு வெளிய வராதுதானே, மேடம்?"

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த தம்புசாமி மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"வராது, அங்கிள். புகார் கொடுத்தவங்க பேரை நாங்க யாருக்கும் சொல்ல மாட்டோம்."

மாவட்ட அலுவலகத்தில் உதவி அதிகாரியாக ஷாமினி உட்காரும் முதல் குறை கேட்கும் நாள் அது. காலையிலிருந்து அவள் எதையும் தீர்த்து வைக்கவில்லை. தெருவிளக்கு எரியவில்லை என்றவரை நகராண்மைக்கு அனுப்பினாள். பள்ளிக்கூட பஸ் வரவில்லை என்றவரைக் கல்வி இலாகாவுக்கு அனுப்பினாள். தான் அதிகாரியா, தபால்காரியா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

தம்புசாமிதான் கடைசி ஆள். ஜெஞ்சாரோமுக்கு உள்ளே ஒரு கம்பத்திலிருந்து, சின்னக் கிராமத்திலிருந்து, வந்திருந்தார்.

"சொல்லுங்க."

"எங்க கம்பத்து லோங்காங் சாக்கடை மேல ஒரு வீட்டுல கிச்சன் கட்டியிருக்காங்க. மழை பெஞ்சா தண்ணி போக வழியில்ல. பக்கத்து வீட்டுக்குள்ள ஏறிடுது."

"உங்க வீட்டுலயா?"

"இல்ல, புனிதா வீட்டுல. அவங்க பையனுக்கு நடக்க வராது. போன மழையில அவனை மேசை மேல தூக்கி வச்சு, தண்ணி இறங்குற வரைக்கும் நான்தான் பிடிச்சிக்கிட்டு இருந்தேன். அவன் என்கிட்ட ஏன் இப்படின்னு ஒரு வார்த்தை கேக்கல, மேடம். அதுதான் தாங்க முடியல."

ஷாமினி வடிகால் இலாகாவுக்குப் போன் போட்டாள். லோங்காங் தோண்ட இரண்டு தடவை இயந்திரம் அனுப்பினார்களாம். அந்தக் கிச்சன் சுவரோடு நின்று திரும்பி வந்துவிட்டதாம். இடிக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அது வடிகாலுக்கென்று ஒதுக்கிய அரசாங்க நிலம். நில அமலாக்கப் பிரிவுதான் செய்ய வேண்டும். அந்தப் பிரிவோ இதே கட்டடத்தில், கீழ்த்தளத்தில் இருந்தது. எழுத்தில் புகார் ஒன்றுகூட வரவில்லை என்பதால் அவர்கள் கிளம்பவே இல்லை.

முதல் முறையாக அவளால் செய்ய முடிந்த ஒரு வேலை வந்திருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வீட்டுக்காரங்க யாரு?"

"தனலெட்சுமி." குரல் இறங்கியது. "இடியப்பம் செஞ்சு பாசார்ல விக்கிறாங்க. இடியப்பத்துல ஒரு குறையும் சொல்ல முடியாது."

"நேர்ல பேசிப் பார்த்தீங்களா?"

"தினம் பேசுறேன். 'கவர்மெண்ட் வந்து சொல்லட்டும்'னு சொல்லிட்டாங்க."

"கிச்சனைக் கட்டினது?"

"ஒரு முட்டாள்."

அந்த அம்மா மேல் அவருக்கு எவ்வளவு பயமோ என்று ஷாமினி நினைத்தாள்.

"மிரட்டினாங்கன்னா சொல்லுங்க, அங்கிள். போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணலாம்."

"ஐயோ, போலீஸெல்லாம் வேணாம்லா!"

அவள் நடைமுறையை விளக்கினாள். இன்றே புகாருக்கு எண் போடப்படும். இந்த வாரமே அந்த வட்டாரத் தலைவரான பெங்குலு வந்து பார்த்து அறிக்கை கொடுப்பார். அமலாக்கப் பிரிவு அளந்து, கதவில் நோட்டீஸ் ஒட்டும். பதினாலு நாளில் வீட்டுக்காரரே எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் இலாகா இடிக்கும். அப்புறம் வடிகால் இயந்திரம் வரும்.

"நோட்டீஸ்ல பெரிய முத்திரை இருக்குமா?"

"இருக்கும்."

"நல்லது. முத்திரை இருந்தா கேப்பாங்க."

ஷாமினி பேனாவைக் கீழே வைத்தாள். "ஒண்ணு யோசிச்சீங்களா? கிச்சன் போனா அவங்க பொழப்பு என்ன ஆகும்?"

"முன்னாடி கார் நிறுத்துற இடத்துல அடுப்பை மாத்திக்கலாம். கேஸ் டியூப் எட்டும். கூரை மட்டும் கொஞ்சம் இழுக்கணும்."

"அளந்தே பார்த்துட்டீங்களா?"

"அவங்க பாசாருக்குப் போயிருந்தப்போ."

அவள் சிரிக்காமல் சமாளித்தாள். அண்டை வீட்டுக்காரர் மேல் புகார் கொடுக்க வந்து, அவர் பிழைப்புக்கும் வழி யோசித்து வைத்திருக்கும் மனிதரை அன்று அவள் ஒருவரைத்தான் பார்த்தாள். மனுவின் ஓரத்தில் 'உடனே நடவடிக்கை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"அந்தப் பையன் இனிமே மேசை மேல ஏற வேண்டாம், அங்கிள்."

தம்புசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பதில் கடிதம் தபால்ல வரும். வீட்டு முகவரி சொல்லுங்க."

அவர் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

"தபால் மட்டும் வேணாம், மேடம். நானே வந்து வாங்கிக்கிறேன். எங்க வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து தனலெட்சுமிதான் பிரிச்சுப் படிப்பா."