மூன்றாம் பத்தி

“இந்தக் கவிதை முடியலை சார். கடைசிப் பத்தி எங்கே?”

வார இதழை நீட்டிய பெண்ணைப் பார்த்து உதவி ஆசிரியர் எரிச்சலானார். “ரெண்டு பத்திதாம்மா. முழுசா இருக்கே?”

“இல்லை. ‘நிறைந்த வெறுமை’ன்னு ஆரம்பிக்கிறார். ‘நீ இருந்தபோது இல்லை, போனபின் இருக்கிறாய்’ங்கிறார். அது அலங்காரம் இல்லை சார், வழக்கு. ரெண்டாவது பத்தி அதுக்குச் சாட்சி. பிரிஞ்சு போனவ எதிரே இருந்தப்போ செய்தித்தாளைத்தான் பார்த்தாராம். இப்போ காலி நாற்காலியோட பேசுறாராம். சரி, தீர்ப்பு எங்கே?”

அவர் அசடு வழிந்தார். “கடைசி நேரத்துல விளம்பரம் வந்துடுச்சும்மா. இடம் இல்லைன்னு வெட்டிட்டோம்.”

கையெழுத்துப் பிரதியைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

‘ஆகவே திரும்பி வராதே. வந்தால் உன்னை இழந்துவிடுவேன்.’

அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

“பாவம், அந்தப் பொண்ணு. இதைப் படிச்சா வரவே மாட்டா,” என்றார் அவர்.

“வருவா சார். இல்லாததுதான் இருக்கிறதுன்னு ரெண்டு பத்தியா வாதாடினவர் ‘வராதே’ன்னா, அதே வாதப்படி ‘வா’ன்னுதானே அர்த்தம்? வெறுமை நிஜமாவே நிறைஞ்சிருந்தா, அவகிட்ட இவ்வளவு பேசணும்னே தோணியிருக்காது. நேரா கூப்பிட வாய் வராம மனுஷன் ஊரைச் சுத்தி வந்திருக்கார்.”

“கவிஞரை உங்களுக்கு அவ்வளவு தெரியுமா?”

“கோவிச்சுக்கிட்டு வந்து எட்டு மாசம் ஆச்சு. இப்போ நேரா வீட்டுக்குப் போய், அவர் கையில இருக்கிற செய்தித்தாளைப் பிடுங்கப் போறேன்,” என்றபடி அவள் படியிறங்கினாள்.