ஒரு மூச்சு குறையுது

“இந்த வரிசையில நின்ன ஒருத்தர் இன்னிக்கு ஏமாத்திட்டாங்க. பேர் சொல்ல மாட்டேன். அவங்களுக்கே தெரியும்.”

ஹொஹேப்பா பெரியவர் கைத்தடியைக் கூடத்துத் தரையில் ஊன்றிச் சொன்னார்.

ரொட்டோருவாவில் பாலம் கட்டும் அந்தக் கம்பெனியில் யார் புதிதாகச் சேர்ந்தாலும் அந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிகளின் முறையில்தான் வரவேற்பு. முதலில் பேச்சு. பேச்சு முடிந்தால் பாட்டு. பிறகு வரிசை. புது ஆள் ஒவ்வொருவர் முன்னாலும் நிற்பான். கை குலுக்கி, இன்னொரு கையைத் தோளில் வைத்து, நெற்றியும் மூக்கும் ஒட்டி நின்று ஒரு மூச்சு. இரண்டு மூச்சும் கலந்துவிட்டால் வந்தவன் விருந்தாளி இல்லை, வீட்டு ஆள். அதற்கப்புறம்தான் பெரியவர் பிரார்த்தனை சொல்வார், சோறு இறங்கும்.

இன்று சேர்ந்த புது ஆள் செங்கதிர். விழுப்புரம் பக்கத்துப் பொறியாளர்.

“மாட்டுவா, மூக்கையெல்லாம் எண்ணிக்கிட்டா இருந்தீங்க? வேகவச்ச சிப்பியெல்லாம் ஆறுது!” என்றாள் சர்வே பிரிவு டூயி. அங்கே எல்லாருக்கும் பேர்தான். முதலாளியம்மாவே வெறும் ஜூடித்தான். வயசில் மூத்த ஹொஹேப்பாவுக்கு மட்டும் ‘மாட்டுவா’ என்ற மாவோரி மரியாதை, நம்மூர் ‘ஐயா’ மாதிரி.

“ஆறட்டும். வரிசை முடியலை. முடியாம நான் வாயைத் திறக்க மாட்டேன்.”

மேனேஜர் கருணாகரனுக்குக் காது சிவந்தது. பத்து வருஷமாய் இந்தச் சபையில் சம்பாதித்த பேர்! இந்த மூக்கு முறையைத் தண்ணிபட்ட பாடாகச் செய்கிற இந்தியன் என்று மெச்சிக்கொள்வார்கள். இப்போது நேற்று வந்த ஒரு பயலால் மானம் போகிறது.

அவன்தான். வேறு யார்? ஜூடித் முன்னால் போய் மரம் மாதிரி நின்றானே! அவள் கன்னத்தை நீட்டுகிறாள், இவன் கை கூப்பட்டுமா, குலுக்கட்டுமா என்று திண்டாடுகிறான். கடைசியில் அவளே சிரித்துக்கொண்டு கன்னத்தோடு கன்னம் வைத்தாள்.

செங்கதிரின் முழங்கையைப் பிடித்து ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போனார்.

“ஏம்ப்பா, படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா? பொம்பளைங்க கன்னத்தைக் காட்டினா கன்னம், மூக்கைக் காட்டினா மூக்கு. கண்ணாடியைக் கழட்டிடு. மோதாத, மெதுவா அழுத்து. யாரை விட்ட?”

“நான் யாரையும் விடலை, கருணா.”

“என்னது?”

“இங்க எல்லாரும் பேரைத்தான்...”

“அது அவங்களோட. நமக்குள்ள சார்னே கூப்பிடு.”

செங்கதிர் தலை குனிந்துகொண்டான். “சரி சார்.”

நேற்று அவன் ஊரில் வந்து இறங்கியதும் காபி வாங்கிக் கொடுத்து ஆசையாகத்தான் விசாரித்தார் கருணாகரன். விழுப்புரம் என்றதும் முகமெல்லாம் பல். ‘அட, நம்மூரு! ஊர்ல எந்தப் பக்கம்?’

‘காலனி சார்.’

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. காபியும் பாதியில் நின்றது. ‘உங்க ஊர் ஆள், நீயே அவனைக் கூட்டிக்கிட்டு உள்ள வா. தனியா வரக் கூடாது’ என்று ஜூடித் சொன்னதற்கும், ‘நான் மேனேஜர், வரவேற்கிற வரிசையில இருக்கணும்’ என்று கழன்றுகொண்டார். டூயிதான் அவன் பக்கம் நின்று கூட நடந்து வந்தாள். அவனுக்காக அவளே பாட்டும் பாடினாள்.

“இப்ப பாரு, அத்தனை பேரும் பட்டினியா நிக்கிறாங்க. போய் மன்னிப்புக் கேளு.”

“நான் என்ன சார் பண்ணினேன்?”

“கேளுன்னா கேளு! ஆறு மாசத்துல உன் வேலையை நிரந்தரமாக்கணுமா வேண்டாமான்னு எழுதப் போறது நான்தான். ஞாபகம் இருக்கட்டும்.”

செங்கதிர் அவர் முகத்தை ஒரு தரம் நன்றாகப் பார்த்தான். பிறகு கூடத்தின் நடுவில் போய் நின்றான்.

“மாட்டுவா, தப்பு என்னுதுதான். புதுசு, தெரியலை. மன்னிச்சிடுங்க.”

கருணாகரன் பின்னாலேயே வந்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: “நானும் கண்டிச்சிட்டேன் மாட்டுவா. எங்க ஊர்ல முகத்தோட முகம் வைக்கிற பழக்கம் கிடையாது. போகப் போகப் பழகிடுவான்.”

பெரியவர் தடியை டூயியிடம் கொடுத்துவிட்டு செங்கதிர் அருகில் போனார். அவன் தோளில் கை வைத்தார்.

“நீயா? நீ கண்ணாடியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு, கண்ணை மூடி, முகத்தை முன்னாடி கொண்டுவந்து நின்ன. நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். உன் நெஞ்சுக்கு நேரா ஒரு கை வந்துச்சு, கட்டை மாதிரி விறைப்பா. கிட்ட வந்துடாதேன்னு. நீ கண்ணைத் திறந்து, அந்தக் கையைக் குலுக்கிட்டு, ஒண்ணும் சொல்லாம நகர்ந்துபோன. இப்ப அந்த ஆளுக்காக நீ மன்னிப்பும் கேக்குற.”

ஜூடித் செங்கதிரைப் பார்த்தாள். பிறகு அவன் பார்க்காமலிருந்த திசையைப் பார்த்தாள்.

கருணாகரனின் வலது கை தானாகவே பேன்ட் பாக்கெட்டுக்குள் போனது.

பெரியவர் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

“கருணா, பத்து வருஷமா இங்க ஒரு மூக்கைக்கூட நீ விட்டதில்லையேப்பா. கையை வெளியே எடு. வா. இவன் இன்னும் வாசல்லயே நிக்கிறான், நீ வந்து உள்ள கூப்பிடு.”