மூன்றாவது கட்டம்

"அனுப்பிடட்டுமா?"

அவள் கட்டைவிரல் போனின் மேல் துடித்துக்கொண்டிருந்தது. நாலு மாசப் பாப்பாவைத் தோளில் போட்டு ஏப்பத்துக்காக முதுகைத் தட்டிக்கொண்டிருந்த கணவன், "முதல்ல படி, கேட்போம்" என்றான்.

படித்தாள்.

"அப்பா, பரவாயில்லை. உங்களுக்குத் தையல் கடைதான் முக்கியம். அண்ணன் குழந்தைக்கு ஆறு மாசம் போய் இருந்தீங்க. எனக்கு ரெண்டே நாள். நாங்க எப்படியோ சமாளிச்சுக்கறோம். இவ தாத்தா முகம் தெரியாமலே வளரட்டும்."

"எப்படி? சுருக்குனு இருக்கா?"

"இருக்கு. அப்புறம்?"

"அடிச்சுப் பிடிச்சு ஓடி வருவார்."

"போன மாசமும் 'எங்களைப் பத்தி யாரும் கவலைப்பட வேண்டாம்'னு அனுப்பினே. என்ன பதில் வந்தது?"

"'சரிம்மா'ன்னு வந்தது."

அதை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா போன பிறகு தனி ஆளாய் அவளை வளர்த்தவர். அவர் வாயிலிருந்து, வெறும் 'சரிம்மா'!

இன்றைக்குச் சனி. திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். குழந்தைகள் காப்பகத்தில் இடம் கிடைக்க அதிலிருந்து பன்னிரண்டு நாள் ஆகும். கணவனின் லீவு துடைத்து வைத்தாற்போல் தீர்ந்திருந்தது. அவள் போகாவிட்டால் அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்துவிடும்.

அவளுக்கு வாஷிங் மிஷின் கம்பெனியில் புகார்ப் பிரிவில் வேலை.

"இப்படி ஒரு புகார் உன் மேசைக்கு வந்தா என்ன செய்வே?" என்றான் கணவன்.

"'வாடிக்கையாளர் கோபமாக இருக்கிறார்'னு குறிச்சு ஓரமா வைப்பேன். என்ன கோளாறு, என்னிக்கு ஆள் வரணும்னு ஒண்ணுமே..."

பாதியிலேயே அவளுக்கு உறைத்தது.

அவர்கள் புகார் படிவத்தில் மூன்று கட்டம். என்ன நடந்தது? எப்போதிலிருந்து? நாங்கள் என்ன செய்ய வேண்டும்? முதல் கட்டத்தில் ஜனங்கள் புராணமே பாடுவார்கள். மூன்றாவது காலியாக வரும். அதை நிரப்பியவர் வீட்டுக்குத்தான் மறுநாளே மெக்கானிக் போவார்.

"ஐயையோ, நானும் காலியா விட்டிருக்கேனே!"

சம்மணமிட்டு உட்கார்ந்தாள். கணவன் ஒவ்வொரு வரியாகக் கேட்டான்.

"'அண்ணன் குழந்தைக்கு ஆறு மாசம்'?"

"பொறாமை. நிஜம்தான். ஆனா அதை நேர்ல ஒரு நாள் பேசிக்கறேன்." அழித்தாள்.

"'தாத்தா முகம் தெரியாம'?"

"சுத்த மிரட்டல்." அதுவும் போயிற்று.

"'சமாளிச்சுக்கறோம்'?"

விரல் நின்றது. "பொய்."

"அப்ப நிஜம் என்ன?"

"பயமா இருக்கு." குரல் இறங்கியது. "இவ ஒரு தடவை இருமினாலே எனக்குக் கை கால் ஆடிப் போகுது. யாரோ ஒருத்தர் கையில விட்டுட்டு என்னால வேலை பார்க்க முடியாது."

"அதை எழுது."

எழுதினாள். விரல்கள் பறந்தன.

"அப்பா, எனக்கு ஒரு உதவி வேணும். திங்கட்கிழமையிலிருந்து பன்னிரண்டு நாள் எங்க வீட்டில் தங்கி, காலை எட்டு மணியிலிருந்து சாயந்திரம் ஆறு வரை பாப்பாவைப் பார்த்துக்க முடியுமா? சமையல் எங்க பொறுப்பு. அவளை விட்டுட்டுப் போக பயமா இருக்கு. உங்க கையில் இருந்தா பயம் இருக்காது. முடியாதுன்னா தயங்காம சொல்லுங்க, கோபப்பட மாட்டேன். இன்னிக்கு ராத்திரிக்குள் தெரிஞ்சா வேற வழி பார்ப்பேன்."

"முடியாதுன்னு சொன்னா நிஜமாவே கோபப்பட மாட்டியா?"

அவள் யோசித்தாள். "வருத்தப்படுவேன். ஆனா சண்டை போட மாட்டேன்."

"அப்ப அப்படியே போடு."

மாற்றினாள். அனுப்பினாள். கண்ணை இறுக்க மூடித் திறந்தாள்.

"பார்த்துட்டார்! டைப் பண்றார்... நிறுத்திட்டார்... ஐயோ, மறுபடியும் டைப் பண்றார்!"

"மூச்சு விடுடி."

டிங்.

"நாளைக் காலை பஸ்ஸில் வரேன். அடுத்த புதன் மதியம் மட்டும் ஸ்கூல் யூனிஃபார்ம் கொடுத்தாகணும். அன்னிக்கு அரை நாள் நீ லீவு போட முடியுமா?"

அவள் போட்ட சத்தத்தில் பாப்பா வீறிட்டு அழுதது. "பாத்தீங்களா, எங்கப்பாவும் மூணாவது கட்டத்தை நிரப்பிட்டார்!"

ஞாயிறு காலை, அளவு நாடாவைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட மறந்து வந்து இறங்கினார் அப்பா. "இருங்க, வந்துடறேன்" என்று நேரே குழாயடிக்குப் போனார். முழங்கை வரை சோப்புப் போட்டு ரெண்டு தடவை கழுவினார். பிறகுதான் பேத்தியை வாங்கினார்.

அவருடைய பெட்டியை அவள் திறந்தாள். மேலேயிருந்து அடி வரை குட்டிக் குட்டிச் சட்டைகள். அடியில் கிடந்த சட்டை அவள் உள்ளங்கை அகலம்தான் இருந்தது.

"மேல இருக்கறது மட்டும்தான் இப்ப சரியா இருக்கும். நாலாவது மாச அளவு" என்றார் அப்பா. "மத்ததெல்லாம் இனிமே பத்தாது."

"மாசா மாசம் தைச்சீங்களா? அப்பவே கொண்டு வந்திருக்கலாமேப்பா!"

பாப்பாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் சொன்னார்:

"அப்ப வந்திருந்த ரெண்டாம் நாள், கை கழுவாம பாப்பாவைத் தூக்கிட்டேன்னு, 'இனிமே நான் கூப்பிட்டா மட்டும் வாங்கப்பா'ன்னியேம்மா. கூப்பிடுவே, கூப்பிடுவேன்னு அன்னியிலிருந்து பெட்டியைக் கட்டியேதான் வச்சிருந்தேன்."