ஆபேலின் குட்மார்னிங்

“என்னை இந்தக் குரூப்பிலிருந்து உடனே நீக்கவும். - எட்மண்ட்.”

ரிடையர்டு ஹெட்மாஸ்டர் அல்லவா, வாட்ஸ்அப்பிலும் கையெழுத்துப் போடுவார்.

சண்டைக்குக் காரணம் ஒரு போட்டோ. படப்பையில் தம்பி ஆபேல் கட்டிய வீட்டுப் பிரதிஷ்டையில் மொத்தக் குடும்பமும் நின்று எடுத்தது. ஆபேல் அதைக் குரூப் படமாக வைத்தான். அந்தப் படம் வட்டமாகத்தானே தெரியும்? ஓரத்தில் நின்ற மூத்தவர் எட்மண்டின் தலை வெளியே போய்விட்டது.

“வட்டத்துல அவ்ளோதாண்ணா வரும்” என்று ஆபேல் பதில் போட்டான். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது.

குரூப்புக்கு ஒரே அட்மின் ஹெப்சி, எட்மண்டின் தங்கை மகள். பெரிய மாமாவுக்குப் போன் போட்டாள்.

“மாமா, படத்தை மாத்திடறேன்.”

“நான் கேட்டு மாத்தினதா ஆயிடும். வேணாம்.”

“சரி, குரூப்பை மியூட்ல போட்டுக்குங்க. சத்தமே வராது.”

“வேணாம்.”

“அப்ப நீங்களே எக்சிட் ஆகலாமே மாமா? குரூப் பேரைத் தொட்டு, கீழ போனா சிவப்புல இருக்கும்.”

“அது எனக்குத் தெரியாதா? நான் ஏன் போவணும்? நீங்கதான் எடுக்கணும்!”

ஹெப்சிக்குப் புரிந்தது. அவராகப் போனால் அந்தச் செய்தி அட்மினுக்கு மட்டும்தான் வரும். அவள் நீக்கினால் ‘ஹெப்சி எட்மண்டை நீக்கினார்’ என்று எல்லார் போனிலும் நிற்கும். மாமாவுக்கு வேண்டியது அந்த ஒரு வரி.

அவள் நீக்கவில்லை. கோபம் ஆறட்டும் என்று விட்டுவிட்டாள்.

குரூப்பில் பாசம் பொங்கியது. “அண்ணன் இல்லாத குரூப் எதுக்கு?” என்று ஹெப்சி அம்மாவின் தங்கை சாராள் சித்தி அழுதாள். மன்னிப்பைப் பற்றி வசனங்கள், கூப்பிய கைகள், கண்ணீர் பொம்மைகள்.

அதே சாராள் சித்தி ஹெப்சிக்குத் தனியாக அனுப்பினாள்: “எடுத்து விட்டுடேன்டி. காலங்காத்தால அவர் அனுப்புற அட்வைஸ் தொல்லையாவது தீரும்.”

ஆபேல் மட்டும் மூச்சு விடவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. ஆனால் வழக்கம்போல விடிந்ததும் ஒரு ரோஜாப்பூ, கீழே குட்மார்னிங்.

“பாத்தியா திமிரை!” என்றாள் ஹெப்சியின் அம்மா. “பொண்டாட்டியைப் பறிகொடுத்துட்டு சேலையூர்ல தனியா கெடக்கறார் அண்ணன். இவன் ரோஜாப்பூ போடறான்.”

மறுநாளும் ரோஜாப்பூ. அதற்கடுத்த நாளும். ஹெப்சிக்கே எரிச்சலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து போனைப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு வரி. எட்மண்ட் மாமா வெளியேறிவிட்டார். காத்திருந்து அலுத்துப்போய், யாரும் நீக்காமலே, தானாகவே போய்விட்டார். போன் செய்தாள், எடுக்கவில்லை.

குரூப்பில் சொல்லலாமா? வேண்டாம், யார்தான் கவனிக்கிறார்கள் பார்ப்போம் என்று சும்மா இருந்தாள். உறுப்பினர் பட்டியலைத் திறந்தால் யாருக்கும் தெரிந்துவிடும். யார் திறப்பார்கள்?

“அண்ணா, ஒரு வார்த்தை பேசுங்க” என்று இல்லாதவரிடம் கெஞ்சினார்கள். சாயந்திரம் சாராள் சித்தி அறிவித்தாள்: “அண்ணன் ஒண்ணுமே சொல்லல. மனசு இறங்கிட்டார். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்!”

எல்லாரும் ஆமென் போட்டார்கள். ஒருத்தரும் சேலையூருக்குப் போன் போடவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் ரோஜாப்பூ வந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து ஆபேலே போனில் வந்தான்.

“ஹெப்சி, அண்ணன் வீட்டு வாசல்ல நிக்கறேன். பெல் அடிச்சுட்டேன். பயமா இருக்கு, லைன்லயே இரு.”

“இப்பதான் வழி தெரிஞ்சுதா மாமா? வேலைக்குப் போகலையா?”

“மறைமலை நகர் பஸ்ல ஏறி, பெருங்களத்தூர்லயே இறங்கி இங்க வந்துட்டேன். அண்ணன் குரூப்பை விட்டுப் போயிட்டாரா?”

ஹெப்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அது எனக்கு மட்டும்தானே வந்துது! உங்களுக்கு எப்படித் தெரியும்?”

உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. “எவன்டா அது காலங்காத்தால?” என்ற ஹெட்மாஸ்டர் குரலும் கேட்டது.

ஆபேல் பெருமூச்சு விட்டான்.

“நாம போட்ட மெசேஜை அமுத்திப் புடிச்சா, யார் யார் படிச்சாங்கன்னு காட்டும்ல? எவ்ளோ கோவமா இருந்தாலும் அண்ணன் பேர் அதுல வந்துடும். சரி, நல்லபடியா எழுந்துட்டார்னு நிம்மதியா வேலைக்குப் போவேன். இன்னிக்கு அந்தப் பேர் இல்லம்மா. அண்ணி போனதுலேர்ந்து அதுக்காகத்தானே தினமும் ரோஜாப்பூ போடறேன்!”