பத்தாவது கணக்கு

"வாங்கன கடன எப்பக்கா திருப்பிக் குடுக்கறது?"

ஏழு வயதில் விருத்தாம்பாள் கேட்ட கேள்வி அது. ஐந்து ரூபாய் மூன்றணாவில் இரண்டு ரூபாய் ஒன்பதணாவைக் கழிக்க வேண்டும். மூன்றில் ஒன்பது போகாது, ரூபாயிடம் கடன் வாங்கு என்று பெரியம்மா மகள் ராஜாம்பாள் சொல்லிக்கொடுத்தாள். குழந்தை சிலேட்டைப் பார்த்தபடி வெகுநேரம் யோசித்துவிட்டுத்தான் கேட்டது.

அன்று செஞ்சிக் கடைத்தெருவில், மணிலாக்கொட்டை மூட்டைகளுக்கு நடுவே, கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

நயா பைசா வருவதற்குச் சற்று முந்திய நாட்கள் அவை. அந்த வருஷமே விருத்தாவின் அம்மா, ராஜாம்பாளுக்குச் சித்தி ஞானம்பாள், குழந்தையைக் கூட்டிக்கொண்டு சித்தப்பாவிடம் சிங்கப்பூருக்குக் கப்பலேறினாள்.

இப்போது விருத்தாவுக்குப் பன்னிரண்டு வயது. இன்னும் மூன்று வாரத்தில் ஆறாம் வகுப்பின் முடிவுப் பரீட்சை. தேறாவிட்டால் மேலே படிக்க வழியில்லை.

"சோறு இறங்கவில்லை. கணக்கு நோட்டைத் திறந்தாலே வாந்தி எடுக்கிறாள்" என்று சித்தி எழுதியிருந்தாள். உறைக்குள் பள்ளிப் பரீட்சைத்தாள் ஒன்றும் இருந்தது.

ராஜாம்பாள் அதைப் பார்த்தாள். எங்கும் ரப்பர் தேய்த்த தடம். இரண்டு இடத்தில் தாளே கிழிந்திருந்தது.

இத்தனை அழித்தாளே, அழிப்பதற்கு முன் என்னதான் எழுதியிருந்தாள்?

தாளை ஜன்னலில் ஒட்டி, ராஜகிரி மலைப் பக்கத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பென்சில் அழுந்திய பள்ளங்கள் மெல்லத் தெரிந்தன.

ஐந்து காத்தி மூன்று தாயில் வெல்லத்தில் இரண்டு காத்தி ஒன்பது தாயில் விற்றால் மீதி? அழித்த இடத்தில் 2 காத்தி 10 தாயில். அதன்மேல் எழுதியிருந்தது 2 காத்தி 4 தாயில். அதற்கு மாஸ்டர் தவறு போட்டிருந்தார்.

காத்தி என்றால் என்ன, தாயில் என்றால் என்ன என்பதே ராஜாம்பாளுக்குத் தெரியாது. எதிர்ச்சாரியில் துணிக்கடை வைத்திருக்கும் பீர் முகமது எட்டு வருஷம் சிங்கப்பூரில் இருந்தவர். அவரிடம் போய்க் கேட்டாள்.

"இன்னாம்மா, சிங்கப்பூருக்கு மணிலாக்கொட்ட ஏத்தப் போறியா? அதெல்லாம் அங்கத்தி எட. பதினாறு தாயிலு ஒரு காத்தி. நம்ம பழைய அணா மாரிதான்."

அவளுக்கு விளங்கிவிட்டது. குழந்தை முதலில் பதினாறு வாங்கிச் சரியாகத்தான் போட்டிருக்கிறாள். பிறகு பயம் வந்திருக்கிறது. மற்றக் கணக்கிலெல்லாம் பத்துதானே வாங்குகிறோம் என்று அழித்துவிட்டுப் பத்தை வாங்கியிருக்கிறாள்.

மற்ற இடங்களையும் பார்த்தாள். அழித்த எட்டில் ஆறு, சரியான விடை.

விருத்தாவுக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. தன் விடை சரியாக இருக்கும் என்பதுதான் தெரியவில்லை.

அஞ்சலகத்தில், மடித்து ஒட்டினால் அதுவே உறையாகிவிடும் ஏரோகிராம் தாள் ஒன்று வாங்கி வந்தாள். உள்ளே வேறு எதையும் வைக்கக் கூடாது என்று அதிலேயே அச்சடித்திருந்தது. சொல்ல வேண்டியதெல்லாம் அந்த ஒரு நீலத்தாளில் அடங்க வேண்டும்.

சிங்கவரத்துப் பெருமாளை நினைத்துக்கொண்டு பொடி எழுத்தில் ஆரம்பித்தாள்.

"பேனாவால் போடு. ரப்பரைத் தொடாதே. விடையை மாற்றத் தோன்றினால் ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் எழுது. முதல் விடையும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று போதும்."

முதல் கணக்கு, பயமே இல்லாமல் போடக்கூடியது: பதினாறும் மூன்றும் எத்தனை? மூன்றாவது, ஏழு காத்தி இரண்டு தாயிலில் நாலு காத்தி பதினொரு தாயில் போக மீதி. உடனே அதே மாதிரி இன்னொன்று கொடுத்தால் யோசிக்காமல் கை போட்டுவிடும். ஆகவே நடுவில் அடி, அங்குலக் கணக்கு இரண்டு. ஆறாவதில் காத்தி மறுபடி வரும், வேறு எண்ணோடு.

விடைகளை மறுபக்கத்து மடிப்பில் தலைகீழாக எழுதினாள். வெறும் விடை மட்டும் இல்லை. "மூன்றாவது: 2 காத்தி 7 தாயில். 2 காத்தி 1 தாயில் என்று வந்திருந்தால் பதினாறுக்குப் பதில் பத்து வாங்கியிருக்கிறாய்."

அதன் கீழே: "கோடு இழுத்த முதல் விடைகளில் எத்தனை சரி என்று எண்ணிப் பார். அந்த எண்ணிக்கையை மட்டும் எனக்கு எழுது."

ஒன்பது கணக்கு முடிந்தது. இரண்டு விரல்கடை இடம் மிச்சம் இருந்தது.

அவள் அப்பா, நைனா இளையபெருமாள், கடையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாடி இது, எறும்பு ஊர வுட்ட மாரி."

அவர் கடைக்குள் திரும்பும்வரை பேனாவைப் பிடித்தபடியே இருந்தாள். பிறகு எழுதினாள்.

"பத்தாவது கணக்கு இல்லை, நீ கேட்ட கேள்விக்கு விடை. அது கடனே இல்லை விருத்தா. ஒரு காத்தியை உடைத்துப் பதினாறு தாயிலாக வைத்துக்கொள்கிறோம். எதுவும் வெளியிலிருந்து வரவில்லை, அதனால் திருப்பித் தரவும் வேண்டாம். நல்ல கேள்வி. அன்றைக்கு எனக்கு விடை தெரியவில்லை."

பேனா நின்றது.

விருத்தா அந்தக் கேள்வியைக் கடையில் கேட்கவில்லை. வீட்டுக்குள், அக்காவின் காதோடு காதாகத்தான் கேட்டாள். அதைக் கடைவரைக்கும் தூக்கிக்கொண்டு போய், எல்லார் முன்னாலும் அவள் குரலிலேயே சொல்லிக் காட்டியவள் ராஜாம்பாள். கதவோரத்தில் நின்ற குழந்தை சிலேட்டை உள்ளங்கையால் அழித்தது. அதற்குப் பிறகு அது யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

அதையும் எழுதினாள். மன்னித்துக்கொள் என்ற சொல்லுக்குச் சரியாக இடம் இருந்தது.

மடித்து, ஒட்டி, தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

"எத்தினி கணக்குடி எழுதன?" என்றார் நைனா.

"ஒம்போது நைனா."