எழுத்துக்கு ஓர் ஆள்

இசைக்குழுவுக்குப் பெனடிக்ட் சொன்ன பெயரைக் கிட்டார்க்காரன் சிரித்தே கொன்றான்.

‘சூறாவளி’யாம்.

“ஏல, புயல் நிவாரணத்துக்கா வாசிக்கப் போறோம்?”

சும்மா சிரித்திருந்தாலாவது பரவாயில்லை. கேன்டீன் பின்சுவரில் செய்தித்தாளை ஒட்டி, தடித்த மார்க்கரால் அதை எழுதிக் காட்டினான். பிறகு குழுவின் மற்ற மூன்று பேரையும் பைக் ஸ்டாண்டு வரை நடத்திக் கூட்டிப்போனான். அங்கிருந்து திரும்பிப் பார்க்கச் சொன்னான்.

எழுத்து தெரியவில்லை; சுவரில் ஒரு கறுப்புப் பூரான் ஊர்ந்தது.

“றா-வுக்கு ஒரு கால். அது அகலத்தத் திங்கும். அகலம் போனா எழுத்து சிறுத்துரும். பஸ்ஸுல போறவன் கண்ணுல விழுமா?”

திரும்பி வந்து அதன்மேல் குறுக்குக் கோடும் போட்டான்.

பெனடிக்ட் டிரம்ஸ்காரன். அவன் மட்டும் சிரிக்கவில்லை. குச்சியால் தொடையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தான்.

இவன் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்கிற பிள்ளையாக இருந்தால் இந்தக் கதை ஏன்?

அடுத்து சுடலை. பாட்டுக்காரன். பாவம், ‘யாழ்’ என்று ஆசையாகச் சொன்னான்.

மேடையில் அறிவிப்பு செய்கிற பிள்ளையின் வாயில் அது யால் ஆகும், யாள் ஆகும். போஸ்டரில் புள்ளி தூரத்துக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேல், மெய்யெழுத்தில் முடிகிற பெயர் மைக்கில் பாதியிலேயே செத்துப்போகும். கூட்டம் இழுத்துக் கத்த வேண்டாமா?

சுடலை முடிந்தான்.

கீபோர்டு அஸ்கர் ஓர் ஆங்கிலப் பெயர் வைத்திருந்தான். இவன் செல்போனில் தேடி, அதே பெயரில் ஏற்கெனவே இருக்கிற நாலு குழுக்களைக் காட்டினான். அஸ்கரும் முடிந்தான்.

உள்ளதைச் சொன்னால், இவனுடைய கிட்டார் சுமார்தான். எஃப் கார்டு பிடிக்கும்போதெல்லாம் விரல் கம்பியில் வழுக்கும். அந்த இடத்தில் சுடலை குரலை உயர்த்தி மூடிவிடுவான். கிட்டார் செய்கிற வேலையைக் கீபோர்டே செய்துவிடுமே என்று விடுதியில் ஒரு பேச்சு. அது இவன் காதுக்கும் வந்தது. வராமல் இருக்குமா? வர வேண்டும் என்றுதானே பேசினார்கள்.

அதனால்தான் இந்தப் பாடு.

பெயர் தன்னுடையதாகிவிட்டால், வைத்தவனை எப்படிக் கழற்றிவிடுவார்கள்?

புதுத் தாளை ஒட்டினான். எழுதினான்.

குலவை.

மூன்றே எழுத்து. புள்ளி இல்லை. கால் இல்லை. கு-வின் வாலை மட்டும் கீழே நீளமாக இழுத்து, மற்ற இரண்டையும் அதன் மேல் உட்காரவைத்தான். பைக் ஸ்டாண்டிலிருந்து பளிச்சென்று தெரிந்தது.

“கோயில் கொடைக்கு வாசிக்கப் போற மாதிரில்லா இருக்கு,” என்றான் சுடலை.

“சத்தமாச் சொல்லிப் பாரு.”

சொன்னான். கு, ல, வை. மூன்று கைத்தட்டு. கடைசியில் வாய் திறந்தபடியே நிற்கிறது. மூச்சு உள்ள மட்டும் இழுக்கலாம்.

டீ குடித்துக்கொண்டிருந்த முதலாம் ஆண்டுப் பிள்ளைகள், யாரும் கேட்காமலே, மேசையைத் தட்டிக்கொண்டு சேர்ந்து கத்தினார்கள். இரண்டு பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையே போட்டார்கள்.

அதற்குமேல் ஓட்டெடுப்பு எதற்கு?

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தலைச்சன் பிள்ளைக்குத் தகப்பன் ஆனவன் தோற்றான்.

பெனடிக்ட்தான் முதலில் கை கொடுத்தான். அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

“பேரு சூப்பர்ல. போஸ்டர்ல எழுத்தப் பெருசாப் போட்டு, ஒவ்வொரு எழுத்துக்கு அடியிலயும் ஒரு ஆளு. மூணு எழுத்து, மூணு ஆளு. கெத்தா இருக்கும்.”

அவன் வேகமாகத் தலையாட்டினான். ஒரு முறை. இன்னொரு முறை.

அடுத்த ஆட்டத்தில் தலை பாதியில் நின்றது.

சுடலை பாட்டு. அஸ்கர் கீபோர்டு. பெனடிக்ட் டிரம்ஸ்.

அஸ்கர் செல்போனில் எதையோ தேடினான். சுடலைக்குத் திடீரென்று தன் செருப்பு வார்மேல் அக்கறை வந்தது.

“நாலு பேரு நின்னா, நீ சொன்ன மாதிரி, எழுத்து சிறுத்துரும்லா,” என்றான் பெனடிக்ட். குரலில் அவ்வளவு பிரியம். “போஸ்டர்ல இல்லாதவன் மேடையில நின்னா, இவன் யாருல, மைக்செட்டுக்காரனான்னு கேப்பானுவ. உனக்குத்தான் அசிங்கம்.”

சூறாவளிக்கு நாலெழுத்து. அது பக்கத்திலேயே, குறுக்குக் கோட்டோடு ஒட்டியிருந்தது.

வேறு பெயர் பார்க்கலாம் என்று சொல்லலாம்தான்.

ஆனால் இதைவிட நல்ல பெயர் அவனுக்கே தெரியவில்லை.

அந்தப் பக்கம் பிள்ளைகள் இன்னும் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலத்துக்குள் பெயரும் படமும் கொடுத்தால்தான் கல்லூரிக் கல்ச்சுரல்ஸ் போஸ்டரில் இடம். பெனடிக்ட் தன் செல்போனை அவனிடம் நீட்டினான்.

“நீயே எடுல. உனக்குத்தான் பாக்கத் தெரியும்.”

வாங்கிக்கொண்டான். பின்னால் நகர்ந்தான்.

மூன்று பேரும் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். சுடலைக்கும் அஸ்கருக்கும் நடுவே, பழக்கத்தில், ஓர் ஆள் நிற்கிற இடம் விட்டுப்போயிருந்தது.

திரையில் அதையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

“ஒட்டி நில்லுங்கல,” என்றான்.