முன்சீட்டு

டிரைவர் சோலைமலை முன்சீட்டிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

ஏழு மாதமாக அந்தச் சீட்டில் அவன் யாரையும் உட்காரவிடவில்லை. எஸ்டேட் ஜீப்பில் டிரைவருக்குப் பக்கத்து இடம் அவன் வீட்டுப் பெண்ணுக்கு. மற்ற பெண்களெல்லாம் பின்னால்தான். ரோஜா இப்போது முன்னால் ஏறினால் பொழுது சாய்வதற்குள் போடி முழுக்கத் தெரிந்துவிடும், இரண்டு பேரும் மறுபடி சேர்ந்துவிட்டார்கள் என்று.

பின்னால் ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் தூக்குவாளிகளோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். 

ஏறலாமா? ரோஜா வண்டியோரம் நின்று யோசித்தாள்.

அவள் வீட்டில் முதல் டிகிரி அவளுடையது. எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதுகிறாள். அங்கே எவனைப் பார்த்துச் சிரிக்கிறாய் என்று கேட்டு, இத்தனை பேர் முன்னால் அவள் போனைப் பிடுங்கிப் பார்த்து, மலை மெட்டுக்குக் கீழே பனிமஞ்சுக்குள் அவளை இறக்கிவிட்டுப் போனவன் இவன். அன்றோடு உறவு அறுந்தது.

அறுந்ததா? அவன் நம்பரைத் தடுத்து வைத்தாள். ராத்திரியானால் திறந்து, புதுப் படம் போட்டிருக்கிறானா என்று பார்த்தாள். விடிந்ததும் மறுபடி தடுத்தாள். அப்படிச் செய்கிற தன்னைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

'நடந்ததை மறந்துரு' என்று போன வாரம் அனுப்பியிருந்தான். எது நடந்தது என்று எழுதவில்லை. வேலையை விடமாட்டேன், போனைத் தொடக்கூடாது, நாலு பேர் முன்னால் வாய் நீளக்கூடாது என்றாள். எல்லாவற்றுக்கும் உடனே சரி என்றான். யோசிக்காமல் வந்த அந்தச் சரிதான் அவளை உறுத்தியது.

அவளைக் கரைத்தது அன்னக்கொடி அக்காதான். அதே ஜீப்பில் போய் வருகிறவள். குடியை விட்டுவிட்டான், ஆளே மாறிவிட்டான் என்று வாரக்கணக்கில் வீடு தேடி வந்து சொன்னாள். பொய் சொல்லத் தெரியாத மனுஷி.

மனசு ஏங்கிச் செத்துக்கொண்டிருந்தது. இன்னொரு ராத்திரி அந்தப் போனோடு முடியாது.

ரோஜா முன்படியில் கால் வைத்தாள்.

பின்னாலிருந்து அன்னக்கொடி அவள் முந்தானையைப் பிடித்தாள். குரல் காதுக்கு மட்டும் எட்டியது.

"ஏறிரு தாயி. நீ விட்டுப் போனதுலருந்து வளைவுல எங்கள என்ன பாடு படுத்துறான் தெரியுமா? நேத்து ஒரு சக்கரம் பள்ளத்துப் பக்கம் தொங்குச்சு. எங்களுக்கும் பிள்ளகுட்டி இருக்கு."

ரோஜா அவளைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

படியிலிருந்து காலை எடுத்தாள்.

"இறங்குங்கக்கா. வேற ஜீப்புல போவோம்."

ஒருத்தியும் அசையவில்லை.

சோலைமலை அவளைப் பார்க்காமல் சாவியைத் திருகினான்.

வண்டி இன்னும் நகரவே இல்லை. அதற்குள் அத்தனை பேரும் இரண்டு கையாலும் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.